மனுவைக் கொடுத்தேன், ரசீது வாங்கவில்லை

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தது, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 2023-ல் வேலையிடத்தில் எழுத்துபூர்வமாக ஒரு புகார் கொடுத்தேன். அது முடிய எட்டு மாதம் ஆனது. எனக்கு வர வேண்டிய பணத்தில் 24,780 ரூபாய் வராமலே போனது. புகார் நியாயமானது என்று கடைசியில் கம்பெனியே ஒத்துக்கொண்டது. ஆனாலும் அந்தப் பணம் போனதற்குக் காரணம், முதல் தடவை மனுவைக் கொடுத்தபோது "பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு வரி எழுதி வாங்காததும், இரண்டாம் தடவை மனு எழுத இரண்டு வாரம் தள்ளிப்போட்டதும்தான். அப்போது யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வாடிக்கையாளர் ஆடிட் வரும் நாட்களில் எங்கள் லைனில் எல்லோரும் ஷிப்ட் முடிந்தும் இருந்து வேலை செய்வோம். அதற்கு ஓவர்டைம் காசு கிடையாது, "சி-ஆஃப் எடுத்துக்கோ" என்பார்கள். கூடுதல் வேலைக்கு ஈடாக எடுக்கிற விடுப்பு அது. கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். அறுபது நாளில் எடுக்காவிட்டால் அந்த சி-ஆஃபும் காலாவதி. 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜனவரி வரை பதினொரு மாதத்தில் நான் அப்படிக் கூடுதலாக இருந்தது 268 மணி நேரம். இதை என் சொந்த டைரியில் தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தேன், பஞ்சிங் கணக்கோடும் அது ஒத்துப்போனது. தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் 59-ஆம் பிரிவு அப்போது தெளிவாக இருந்தது: நாளுக்கு 9 மணி நேரத்தையோ வாரத்துக்கு 48 மணி நேரத்தையோ தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு இரண்டு மடங்குக் கூலி. நாங்கள் வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், அதாவது 48 மணி நேரம் ஏற்கெனவே நிறைந்துவிடும். அடிப்படைச் சம்பளமும் படிகளும் சேர்த்து எனக்கு மாதம் 21,840 ரூபாய். 26 நாளுக்கும் எட்டு மணி நேரத்துக்கும் வகுத்தால் மணிக்கு 105 ரூபாய். இரட்டிப்பு 210. மொத்தம் 56,280 ரூபாய் எனக்கு வர வேண்டும்.

2023 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. இரண்டு பக்கத்தில் மனு எழுதி, டைரிக் கணக்கைப் பின்னால் இணைத்து, ஹெச்.ஆர். அறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தது ஒரு இளம் பையன், மரியாதையாகப் பேசுகிறவன். "வெச்சிட்டுப் போங்கண்ணா, சார் வந்ததும் காட்டிடறேன்" என்றான். கையில் இன்னொரு நகல் இருந்தது. அதில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம். நல்ல பையன் வேறு. அந்தக் கூச்சம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பத்து நாள் கழித்து டீ டைமில் எங்கள் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, "என்னப்பா, எழுதியெல்லாம் குடுக்கிறியாமே?" என்றார். சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். என் மனு ஃபைலுக்குப் போகவில்லை, ஆனால் யாரைப் பற்றி எழுதினேனோ அவர் கைக்குப் போயிருந்தது. அடுத்த மாத ஷிப்ட் பட்டியலில் தொடர்ந்து மூன்று வாரம் எனக்கு நைட். அதற்கும் மனுவுக்கும் சம்பந்தம் உண்டா என்றால் நான் உண்டு என்றுதான் சொல்வேன், நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. மனு கொடுத்ததற்கே பதிவு இல்லாதபோது, மனு கொடுத்ததால்தான் பழிவாங்கினார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகளை அந்த மூன்று வாரமும் தூங்கும்போது மட்டும்தான் பார்த்தேன்.

ஏப்ரலில் போய்க் கேட்டேன். "மேல போயிருக்குண்ணா" என்றான். ஜூனில் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஜூலையில் புதிதாக வந்த மேடம் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல எந்த கிரீவன்ஸும் பதிவாகலையே சார், எப்போ குடுத்தீங்க?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் அந்த நிமிஷம் வயிற்றைப் பிசைந்தது. ஐந்து மாதம் நான் காத்திருந்தது எதற்காக? கம்பெனியைப் பொறுத்தவரை நான் எதையும் கேட்கவே இல்லை.

மனுவை எப்படிக் கொடுப்பது என்று பிறகு கற்றுக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் வாங்கியவரின் பெயர், பதவி, தேதி, கையெழுத்து, முடிந்தால் கம்பெனி சீல் வாங்குங்கள். தபால் பிரிவு இருக்கிற கம்பெனி என்றால் அங்கேயே கொடுத்து இன்வர்ட் நம்பர், அதாவது வருகிற தபாலைப் பதியும் ரெஜிஸ்டரின் எண், வாங்குவது இன்னும் நல்லது, அந்த ரெஜிஸ்டரை ஒருவர் நினைத்த மாதிரி மாற்ற முடியாது. கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் பயப்படுவது, கையெழுத்துப் போட்டால் நீங்கள் எழுதியதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்றுதான். "நகல் பெற்றுக்கொண்டேன், அவ்வளவுதான் எழுதுங்க, உள்ளே இருக்கிறதுக்கு நீங்க பொறுப்பில்ல" என்று சொன்னால் பாதிப் பேர் போட்டுவிடுவார்கள். அதற்கும் மறுத்தால் அங்கே நின்று வாக்குவாதம் வேண்டாம். அன்றைக்கே தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். மின்னஞ்சலை உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போகிற மாதிரி அனுப்புங்கள், வேலை போனால் கம்பெனி மெயிலும் அதோடு போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பி நீல டிக் வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒருவர் பார்த்தார் என்பதற்குத்தான் அது ஆதாரம், நிறுவனம் பெற்றுக்கொண்டது என்பதற்கு அல்ல.

ஜூலைக் கடைசியில், பக்கத்துத் தொழிற்சாலையில் பல வருஷம் தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு அண்ணனைப் போய்ப் பார்த்தேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கணக்கு எந்த மாசத்துல இருந்து ஆரம்பிக்குது?" மார்ச் 2022 என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். சம்பளப் பாக்கிக்கு அரசு அலுவலகத்தில் மனு போட அப்போதைய சட்டப்படி, அதாவது 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டப்படி, பணம் வர வேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் அதிகாரி ஏற்கலாம். பிப்ரவரியில் கொடுத்த மனுவுக்கு ரசீது இருந்திருந்தால் அதுவே அந்தத் தக்க காரணமாக நின்றிருக்கலாம். ரசீது இல்லாததால் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதத்துக் காசு பின்னாலிருந்து உதிர்ந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியாமலே.

"இன்னிக்கே எழுது" என்றார் அந்த அண்ணன். நான் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதலாம் என்று இருந்துவிட்டேன். ஆகஸ்ட் 14 திங்கட்கிழமைதான் அனுப்பினேன். எங்களைப் போல் ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் ஒரு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். அப்படியென்றால் 2022 ஜூலைக்கான கூலி ஆகஸ்ட் 7-க்குள் வந்திருக்க வேண்டியது. அதற்கு ஒரு வருஷம் முடிந்து ஏழு நாள் கழித்து என் கடிதம் கிளம்பியது. ஜூலையில் மட்டும் 31 மணி நேரம், 6,510 ரூபாய். ஏழு நாளில் போனது. இதை எழுதும்போதும் மனசு ஆறவில்லை.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு மாதம் அரசு அலுவலகத்தில் மனு போடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. கம்பெனியில் புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பதால் அந்தக் கடிகாரம் தானாக நிற்காது. என் விஷயத்தில் கம்பெனி பிற்பாடு என் கடிதத் தேதியையே கணக்குக்கு எடுத்துக்கொண்டது, அது அவர்களாக விட்டுக்கொடுத்தது. எல்லா இடத்திலும் அப்படி விட்டுக்கொடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம்.

இந்தத் தடவை மின்னஞ்சல், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் இரண்டும் அனுப்பினேன். (2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அனுப்புகிறவர்கள் கவுன்டரில் டெலிவரி ஆனதற்கான சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.) மஞ்சள் அட்டை கம்பெனி சீலோடு திரும்பி வந்தது, தேதி ஆகஸ்ட் 16. ஆகஸ்ட் 22-ல் ஹெச்.ஆரிலிருந்து பதில் வந்தது. முதல் தடவையாக ஒரு பதில்! மனைவியிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவ்வளவு நிம்மதி. அதில் இருந்தது இவ்வளவுதான்: "சி-ஆஃப் தொடர்பான உங்கள் கோரிக்கை 22.08.2023 அன்று பதிவு செய்யப்பட்டது. பரிசீலித்து உரிய நடவடிக்கை எடுக்கப்படும். இது ரகசியமாக வைக்கப்படும், நீங்களும் இதுகுறித்து யாரிடமும் பேச வேண்டாம்."

அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் போனில் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "மூணு வரியில நாலு பிரச்சனை இருக்கு, ராத்திரிக்குள்ள பதில் போடு" என்றார். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. இந்த இடத்தைத்தான் நான் எல்லோருக்கும் விளக்கிச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் ஒப்புகைக் கடிதம் வந்ததும் நம் ஆட்கள் எல்லோரும் என்னைப் போலவே நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிட்டு அதை மூடி வைத்துவிடுகிறோம்.

முதல் பிரச்சனை, நான் எழுதியது இரட்டிப்புக் கூலி பாக்கி பற்றிய குறை. அவர்கள் எழுதியது சி-ஆஃப் பற்றிய கோரிக்கை. கேட்க ஒன்று போலத்தான் இருக்கிறது. ஆனால் கோரிக்கை என்றால் அது ஹெல்ப்-டெஸ்க் சமாசாரம், லீவு பேலன்ஸ் கேட்கிற மாதிரி, யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. சி-ஆஃப் என்றால் அதிகபட்சம் நாலு நாள் லீவைத் திருப்பிக் கொடுத்து ஃபைலை மூடிவிடலாம். மேலே இருக்கிறவர்கள் பலர் நம் இரண்டு பக்க மனுவைப் படிக்க மாட்டார்கள், ஒப்புகையில் இருக்கிற அந்த ஒரு வரியைத்தான் படிப்பார்கள். அது வேண்டுமென்றே எழுதப்பட்டதா, அவசரத்தில் எழுதப்பட்டதா என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. நாம் எழுதிய விஷயம் நம் சொற்களிலேயே அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே திருத்தச் சொல்லி எழுத வேண்டும்.

இரண்டாவது, தேதி. கடிதம் கிடைத்தது 16, அவர்கள் பதிவு செய்தது 22. ஆறு நாளில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் கெடு எல்லாமே கிடைத்த நாளிலிருந்து ஓடும். ஆறு நாள் தள்ளிப் பதிந்தால் கெடுவும் ஆறு நாள் தள்ளும். ஏழு நாளில் 6,510 ரூபாய் விட்டவனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது, யார் விசாரிப்பார்கள், எப்போது முடியும் என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் காலத்தில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில், 2010 திருத்தத்துக்குப் பிறகு, இருபதும் அதற்கு மேலும் தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு ஒன்று இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் ஆறு பேருக்கு மிகாமல். எழுத்தில் மனு வந்த நாளிலிருந்து 45 நாளில் குழு விசாரணையை முடிக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் நிர்வாகத்துக்கு மேல்முறையீடு, அதற்கு ஒரு மாதத்தில் பதில். இந்தக் குழு எங்கள் கம்பெனியிலும் இருந்தது, கேன்டீன் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஆறு பேர் பட்டியலும் ஒட்டியிருந்தது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போவேன், ஒரு நாளும் படித்ததில்லை.

நான்காவது, ரகசியம். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

அன்று ராத்திரியே ஒரு பதில் அனுப்பினேன். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியது. சூடான வார்த்தை ஒன்றுகூட வேண்டாம் என்றார். கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "உங்கள் 22.08.2023 கடிதத்துக்கு நன்றி. என் மனு 16.08.2023 அன்று உங்களுக்குக் கிடைத்ததாகத் தபால் ஒப்புகை அட்டை காட்டுகிறது, அதையே பெற்ற தேதியாகப் பதிய வேண்டுகிறேன். என் மனு, 2022 மார்ச் முதல் 2023 ஜனவரி வரையிலான 268 மணி நேரத்துக்குரிய இரட்டிப்புக் கூலி தரப்படவில்லை என்ற குறையைப் பற்றியது, சி-ஆஃப் கோரிக்கை அல்ல. கீழ்க்கண்டவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். மனுவின் பதிவு எண் என்ன, குறைதீர்ப்புக் குழுவின் முன் எப்போது வைக்கப்படும், என்னோடு தொடர்பில் இருக்கப்போகும் அலுவலர் யார், எந்தத் தேதிக்குள் முடிவு தெரியும், மனுவின் நகல் யார் யாருக்குக் கொடுக்கப்படும்." அவ்வளவுதான். அனுப்பிவிட்டு ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை. இவ்வளவு கேள்வி கேட்டால் வேலையே போய்விடுமோ என்று பயம். அது பொய்ப் பயம் என்று இப்போது சொல்ல மாட்டேன், வீட்டில் ஒரு சம்பளம்தான்.

மறுநாள் அந்த மேடம் கூப்பிட்டு, "சார், நீங்க ஜூனியர் எக்ஸிகியூட்டிவ், குழு வொர்க்மென்க்கு மட்டும்தான்" என்றார். இந்த இடத்தில் பலர் திரும்பிவிடுவார்கள். தொழிலாளியா இல்லையா என்பதைப் பதவியின் பெயர் முடிவு செய்வதில்லை, செய்கிற வேலைதான் முடிவு செய்கிறது. நான் செய்வது மைக்ரோமீட்டரும் கேஜும் வைத்து அளப்பது. எனக்குக் கீழே ஒருவரும் இல்லை, யாருக்கும் லீவு கொடுக்கும் அதிகாரம் இல்லை. இதையும் நாலு வரியில் எழுதிக் கொடுத்தேன். அவர் மேலே கேட்டுவிட்டு ஒத்துக்கொண்டார். மேற்பார்வை வேலையில் நிஜமாகவே இருக்கிறவர்களுக்கு இந்தக் குழு பொருந்தாமல் போகலாம், அவர்கள் கம்பெனியின் சொந்தக் குறைதீர்ப்பு விதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதும் கேட்க வேண்டியவை இதே கேள்விகள்தான்.

ஆகஸ்ட் 25-ல் இரண்டாவது ஒப்புகை வந்தது. அதைப் பார்த்தபோதுதான் ஒரு நல்ல ஒப்புகை எப்படி இருக்கும் என்று புரிந்தது. பதிவு எண் இருந்தது. பெற்ற தேதி 16 என்று திருத்தியிருந்தார்கள். குறை என்ன என்பது என் வார்த்தையிலேயே இருந்தது. குழுவின் முதல் அமர்வு செப்டம்பர் 11, முடிவு செப்டம்பர் 30-க்குள் என்று நாள் குறித்திருந்தார்கள். பஞ்சிங் பதிவை டைம் ஆபீஸிலிருந்து அவர்களே எடுத்துவைப்பதாகவும் இருந்தது. அது எனக்குத் தோன்றாத விஷயம். பழைய பதிவு அழிந்துபோகாமல் எடுத்து வைக்கச் சொல்லி நீங்களே மனுவில் கேட்டுவிடுங்கள். கெடு தாண்டினால் கம்பெனிக்கு உடனே ஏதும் அபராதம் விழுந்துவிடாது. ஆனால் எழுத்தில் தேதி இருந்தால், அந்தத் தேதிக்கு மறுநாள் வெளியே போய் மனு போட நமக்குக் கையில் காரணம் இருக்கும். "பரிசீலிக்கப்படும்" என்பதற்கு மறுநாள் என்று ஒன்று கிடையாது.

இப்போது ரகசியம். முதல் தடவை என் மனு சூப்பர்வைசரிடம் போய் டீ டைமில் அவமானப்பட்டதால், யாருக்குமே தெரியக் கூடாது என்று எழுதித் தரும்படிக் கேட்க நினைத்தேன். அண்ணன் வேண்டாம் என்றார். அப்படி யாரும் தர முடியாது, தந்தால் அது பொய். யார் மேல் குறை சொல்கிறோமோ அவரிடம் கேட்காமல் விசாரணை நடக்காது, என்ன குறை என்று சொல்லாமல் அவரிடம் கேட்கவும் முடியாது. பெயரை மறைத்தாலும் குறிப்பிட்ட ஷிப்ட், குறிப்பிட்ட மெஷின் என்றதும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். கேட்க வேண்டியது வேறு: யாருக்கு, எவ்வளவு, எப்போது தெரியப்போகிறது. இரண்டாவது ஒப்புகையில் அது தெளிவாக இருந்தது. முழு மனுவும் ஹெச்.ஆர். தலைமைக்கும் குழுவின் ஆறு பேருக்கும் மட்டும். சூப்பர்வைசருக்கு அவர் பதில் சொல்ல வேண்டிய பகுதி மட்டும், அதுவும் செப்டம்பர் 4-ல் ஹெச்.ஆர். அறையில் வைத்து. மனு கொடுத்ததற்காக ஷிப்ட் மாற்றமோ வேறு தொந்தரவோ வந்தால் உடனே எழுத்தில் தெரிவிக்கலாம் என்றும் ஒரு வரி. செப்டம்பர் 4 என்று முன்கூட்டியே தெரிந்ததால் அன்றைக்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டு போனேன். அவர் முறைத்தார், பேசவில்லை. ஷிப்ட் பட்டியல் மாறவில்லை.

"நீங்களும் யாரிடமும் பேச வேண்டாம்" என்ற வரியையும் திருத்தக் கேட்டிருந்தேன். லைனில் போய்ப் பேசக் கூடாது, சாட்சி சொல்லப்போகிறவர்களைப் போய்ப் பார்க்கக் கூடாது என்பது நியாயம். ஆனால் தொழிற்சங்கத்திடமோ வக்கீலிடமோ தொழிலாளர் துறையிடமோ வீட்டிலோ பேசுவதை அது தடுக்க முடியாது. அப்படியே எழுதிக் கேட்டேன், "சட்டபூர்வமான ஆலோசனை பெறத் தடையில்லை" என்று சேர்த்துக் கொடுத்தார்கள். முதல் கடிதத்தை அப்படியே நம்பியிருந்தால் அந்த அண்ணனிடம் பேசியதையே தப்பு என்று நினைத்துப் பயந்திருப்பேன்.

குழு இரண்டு தடவை உட்கார்ந்தது. முதல் நாளே, "பிப்ரவரியிலயே குடுத்ததா சொல்றீங்க, அதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். டீ டைமில் சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னேன். அவர் ஞாபகம் இல்லை என்றார். நின்ற நாலு பேரில் யாரையும் நான் இழுக்க விரும்பவில்லை, அவர்களுக்கும் பிள்ளை குட்டி உண்டு. செப்டம்பர் 29-ல் முடிவு வந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரையிலான 150 மணி நேரத்துக்கு 31,500 ரூபாய், அக்டோபர் சம்பளத்தோடு. மார்ச் முதல் ஜூலை வரையிலான 118 மணி நேரம் காலம் கடந்தது என்று தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா என்று யோசித்தேன். பிப்ரவரிக்கு ஆதாரம் இல்லாமல் செய்து பயனில்லை என்று விட்டுவிட்டேன். நாலு நாள் லீவும் அதில் போனது.

இதையெல்லாம் படித்துவிட்டு அதே எண்களை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், இப்போது சட்டம் மாறிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. குறைதீர்ப்புக் குழுவில் இனி பத்துப் பேர் வரை இருக்கலாம், முடிக்க வேண்டிய காலம் 45-லிருந்து 30 நாளாகக் குறைந்திருக்கிறது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் குழுவிடம் போக வேண்டும் என்று புதிதாக ஒரு கெடு வந்திருக்கிறது. குழுவின் முடிவில் திருப்தி இல்லையென்றால் அறுபது நாளுக்குள் தொழிற்சங்கம் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். சம்பளப் பாக்கிக்கு அரசு அதிகாரியிடம் மனு போடும் காலம் மூன்று வருஷமாக நீண்டிருக்கிறது. என் காலத்தில் இது இருந்திருந்தால் அந்த 118 மணி நேரமும் எனக்கு வந்திருக்கும்.

பாலியல் தொந்தரவு பற்றிய புகார் என்றால் இந்தப் பாதையே வேறு. அதை ஹெச்.ஆர். மெயிலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. 2013 சட்டப்படி நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பெயர் வெளியே போகக் கூடாது என்பது அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. உங்களுக்கு வரும் ஒப்புகையில் "உள்ளகக் குழு" என்ற வார்த்தை இல்லாமல் வெறுமனே குறை, புகார் என்று இருந்தால் அன்றைக்கே கேளுங்கள், யார் முன் இது வைக்கப்பட்டிருக்கிறது என்று. ஹெச்.ஆர். மேசையில் கிடக்கும் நாட்களும் அந்த மூன்று மாதத்தில்தான் போகும்.

போன மாதம் எங்கள் லைனில் ஒரு தம்பி, போனஸ் பிடித்தம் பற்றி மனு கொடுத்திருந்தான். ஒப்புகை வந்ததும் ஓடிவந்து, "அண்ணே, பதில் வந்துடுச்சு" என்று போனைக் காட்டினான். முகமெல்லாம் அன்றைக்கு எனக்கு இருந்த அதே சந்தோஷம். கேன்டீனில் உட்கார்ந்து இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம். பொருள் சரியாக இருந்தது, குழுவின் பெயர் இருந்தது, முடிவுக்கு நாளும் இருந்தது. பெற்ற தேதி மட்டும் மூன்று நாள் தள்ளி இருந்தது. "மூணு நாள்தானேண்ணே, விடுங்க" என்றான். என் ஜூலை மாதக் கணக்கைச் சொன்னேன். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறுவதற்குள் திருத்தக் கேட்டு மெயில் போட்டுவிட்டான்.